பிறப்புப் பதிவில் நாளும் இடமும் பெற்றோர் பெயரும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிறந்த குழந்தையின் விவரங்களை இணையவழிப் பிறப்புப் பதிவில் பிழையின்றிக் கொடுப்பது எப்படி என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். படிவத்தில் பல கட்டங்கள் இருந்தாலும், பின்னாளில் தொல்லை தருபவை பெரும்பாலும் மூன்றே. ஒன்று, பிறந்த நாள். இரண்டு, பிறந்த இடம். மூன்று, பெற்றோரின் பெயரும் முகவரியும். இம்மூன்றை மட்டும் விரிவாகப் பேசுவோம்.

முதலில் சட்டத்தில் வந்த ஒரு மாற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2023ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டு, 1.10.2023 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாளிலோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசுப் பணி, ஆதார், பாஸ்போர்ட் ஆகிய அனைத்திற்கும் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே. பாஸ்போர்ட் விதிகளும் 2025ஆம் ஆண்டில் இதற்கேற்பத் திருத்தப்பட்டன. நம்மில் பலர் பள்ளி மாற்றுச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியைக் கொண்டே பாஸ்போர்ட் எடுத்தோம். இன்று தொட்டிலில் இருக்கும் குழந்தைக்கு அந்த வழி இல்லை.

அடுத்து, இந்த விவரங்களைக் கணினியில் ஏற்றுபவர் யார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் பிறப்பைத் தெரிவிக்க வேண்டிய கடமை மருத்துவமனையுடையது. வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவருடையது. ஆகவே மருத்துவமனைப் பிரசவத்தில் பெற்றோர் தம் கையால் எதையும் தட்டச்சு செய்வதில்லை. மருத்துவமனையில் அதற்கென உள்ள ஊழியர் ஏற்றி அனுப்புகிறார், பதிவாளர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் அளிக்கிறார், சான்றிதழ் உருவாகிறது. பிறந்த 21 நாட்களுக்குள் இது முடிய வேண்டும். குறித்த காலத்தில் பதிவானால் முதல் சான்றிதழுக்குக் கட்டணமும் இல்லை.

அந்த ஊழியர் விவரங்களை எங்கிருந்து எடுக்கிறார்? பிரசவ அறைப் பதிவேட்டிலிருந்தும், தாயின் கர்ப்பகாலப் பதிவிலிருந்தும், கட்டிலருகே நிற்கும் உறவினர் வாயால் சொல்வதிலிருந்தும் எடுக்கிறார். பிழை நுழையும் வாசல் பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். வாயால் சொல்வதற்குப் பதிலாக எழுதிய தாள் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டால் அந்த வாசலை அடைத்துவிடலாம். அத்தாளில் என்னென்ன எழுத வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம். இது விளக்கத்திற்காக நாமே அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. எந்தக் குடும்பத்தையும் குறிப்பதன்று.

கீழக்கரையில் ஒரு குடும்பம். தாய் பிரசவத்திற்காக இராமநாதபுரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். தந்தை துபாயில் வேலையில் இருக்கிறார். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13ஆம் தேதி வியாழக்கிழமை இரவு கழிந்து, நள்ளிரவு 12 மணி 20 நிமிடத்திற்குக் குழந்தை பிறக்கிறது. ரமளான் மாதம் அது.

இக்குழந்தையின் பிறந்த நாள் எது? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், "வெள்ளி இரவு பிறந்த பிள்ளை" என்பார்கள். நமது வழக்கில் மஃரிபுடன் மறுநாள் தொடங்கிவிடுவதால், வியாழன் மாலைக்குப் பின் வரும் இரவே வெள்ளி இரவு. இவ்வழக்கை அறியாத ஊழியர் காதில் அது வெள்ளிக்கிழமை கழிந்த இரவாக விழும். நள்ளிரவுக்குப் பின் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு அவர் 15ஆம் தேதி என்று ஏற்றக்கூடும். இன்னொருவர், "பிறை 13இல் பிறந்தது" என்பார். நம் நாட்டுப் பிறைக்கணக்கில் அது சரியே; ஆனால் 13 என்ற எண் மட்டும் மார்ச் மாதத்தோடு ஒட்டிக்கொண்டால் 13ஆம் தேதி ஆகிவிடும். தந்தையைத் தொலைபேசியில் கேட்டாலும் 13ஆம் தேதி என்றே சொல்வார். துபாய் நேரம் நம் நேரத்திற்கு ஒன்றரை மணி நேரம் பிந்தியது. குழந்தை பிறந்த செய்தி அவர் கைப்பேசிக்கு வந்தபோது அங்கே 13ஆம் தேதி இரவு 10.50. அவருக்கு அன்றுதான் பிறந்த நாள்.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் பதிவேட்டுக்குரிய விடை ஒன்றே. அரசுப் பதிவில் நாள் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி அடுத்த நள்ளிரவு 12 மணிக்கு முடிகிறது. பிறந்த இடத்தின் நேரமே கணக்கு. எனவே இக்குழந்தை பிறந்த நாள் 14.3.2025, வெள்ளிக்கிழமை. இதற்குச் சான்று பிரசவ அறைப் பதிவேட்டில் எழுதப்பட்ட நேரம். மருத்துவமனையில் 24 மணி நேரக் கணக்கில் எழுதினால் அது 00.20 என்று இருக்கும். இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் பிறந்த குழந்தை எதுவாயினும், மருத்துவர் அல்லது செவிலியரிடம் அப்பதிவேட்டில் உள்ள தேதியையும் நேரத்தையும் கேட்டு நமது தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதும்போது மாதத்தை எண்ணால் மட்டும் எழுதாமல், "2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை, நள்ளிரவு கழிந்து 12.20" என்று கிழமையோடு எழுதுவது நல்லது. தேதியும் கிழமையும் பொருந்தாவிட்டால் ஏதோ பிசகு என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். மார்ச் 5 போன்ற நாட்களில், 5-3 என்பது 3-5 ஆக மாறி மே 3 ஆகிவிடாமலும் இது காக்கும்.

மருத்துவமனையில் சேர்ந்த நாள், வீட்டுக்கு அனுப்பிய நாள் ஆகியவற்றையும் பிறந்த நாளோடு கலக்கக் கூடாது. சான்றிதழ் கைக்கு வந்த பின்னும் இதே கவனம் வேண்டும். அதில் மூன்று தேதிகள் இருக்கும்: பிறந்த தேதி, பதிவு செய்த தேதி, சான்றிதழ் வழங்கிய தேதி. பள்ளிப் படிவத்தை அவசரமாக நிரப்புபவர் பதிவு செய்த தேதியைப் பிறந்த தேதியாக எடுத்தெழுதி, சான்றிதழ் சரியாக இருந்தும் பள்ளிப் பதிவேட்டில் பிழை ஏற்படுவது உண்டு.

இனி இடம். கீழக்கரைப் பிள்ளை என்று நாம் சொல்லுகிறோம். ஆனால் பதிவேட்டில் பிறந்த இடம் இராமநாதபுரம். குழந்தை எந்த இடத்தில் உலகிற்கு வந்ததோ அந்த இடமே பிறந்த இடம். பெற்றோரின் சொந்த ஊர் அன்று. பதிவும் அந்த இடத்திற்குரிய பதிவாளரிடமே நடைபெறும். இராமநாதபுரம் நகராட்சி எல்லைக்குள் அம்மருத்துவமனை இருந்தால் அந்நகராட்சியின் பதிவேட்டில் அது ஏறும். கீழக்கரை நகராட்சியில் போய் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அதே மருத்துவமனை நகர எல்லைக்கு வெளியே ஊராட்சிப் பகுதியில் அமைந்திருந்தால் பதிவாளரும் வேறாகிவிடுவார். எனவே மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன், "எந்தப் பதிவாளர் அலுவலகத்திற்கு அனுப்புகிறீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் குடும்பம் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ சென்றுவிட்டாலும், ஒரு திருத்தம் வேண்டுமெனில் அணுக வேண்டிய இடம் அந்த அலுவலகமே.

சில குழந்தைகள் பிறந்தவுடன் மேல்சிகிச்சைக்காக மதுரைக்குக் கொண்டு செல்லப்படுகின்றன. அங்கே பல நாட்கள் தங்கியிருந்தாலும் பிறந்த இடம் மதுரை ஆகாது. மாறாக, தாயை இராமநாதபுரத்தில் சேர்த்து, நிலைமை கருதி மதுரைக்கு அனுப்பி, அங்கே பிரசவம் ஆனால் பிறந்த இடம் மதுரையே. ஓடும் வாகனத்தில் பிறந்தால், வாகனம் அதன்பின் முதலில் நிற்கும் இடத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

அப்படியானால் கீழக்கரை எங்கே இடம்பெறும்? அதற்குத்தான் முகவரிக் கட்டங்கள் தனியே உள்ளன. குழந்தை பிறந்தபோது பெற்றோர் வாழ்ந்த முகவரி ஒன்று, நிலையான முகவரி ஒன்று. இரண்டும் சான்றிதழில் அச்சாகும். நம் எடுத்துக்காட்டில் இரண்டும் கீழக்கரை வீடாகவே இருக்கலாம். ஊர்ப்பற்றின் காரணமாகப் பிறந்த இடத்தில் கீழக்கரை என்று எழுதச் சொல்வதும், உண்மையான இடத்தை மறைத்து வீட்டில் பிறந்ததாகச் சொல்வதும் பொய்த் தகவல் ஆகும். பின்னர் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பிறந்த இடம் கேட்கப்படும்போதும், சான்றிதழில் உள்ள ஊரையே எழுத வேண்டும். "சொந்த ஊர்தானே" என்று கீழக்கரையை எழுதினால் இரண்டும் முரண்படும்.

மூன்றாவதாகப் பெற்றோர் விவரம். நமது சமுதாயத்தில் மிகுதியாகச் சிக்கல் விளைவது இங்கேதான். நம் பெயர்கள் அரபிலிருந்து வந்தவை. தமிழில் ஒரு விதமாகவும் ஆங்கிலத்தில் பல விதமாகவும் எழுதப்படுகின்றன. முஹம்மது என்ற ஒரு பெயரே Mohamed, Mohammed, Mohamad, Muhammad எனப் பல உருக்களில் நம் ஊர் ஆவணங்களில் காணப்படுகிறது. உச்சரிப்பில் இவை ஒன்றே. கணினிக்கோ இவை தனித்தனிப் பெயர்கள்.

நம் எடுத்துக்காட்டுத் தந்தையின் ஆவணங்களைப் பார்ப்போம். அவருடைய பாஸ்போர்ட்டில் பெயர் SHAHUL HAMEED என்றும், குடும்பப் பெயர் கட்டத்தில் அவர் வாப்பாவின் பெயராகிய MOHAMED IBRAHIM என்றும் உள்ளன. ஆதாரில் M. Sahul Hameed என்று இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் Shahul Hamid M.I. என்று காணப்படுகிறது. மருத்துவமனையில் அவருடைய மைத்துனர் வாயால் "சாகுல் அமீது" என்று சொன்னால் நான்காவது உரு ஒன்று பிறந்துவிடும். பின்னர் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுத்துத் துபாய்க்கு அழைத்துச் செல்ல முயலும்போது, சான்றிதழில் உள்ள தந்தையும் பாஸ்போர்ட்டில் உள்ள தந்தையும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை உண்டாகும்.

இதற்கு நாம் சொல்லும் வழி எளியது. தந்தைக்கு ஓர் ஆவணம், தாய்க்கு ஓர் ஆவணம் என்று தேர்ந்துகொண்டு, அதில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து, அதே வரிசையில் எடுத்தெழுத வேண்டும். பாஸ்போர்ட் இருந்தால் அதையே அடிப்படையாகக் கொள்வது நலம். ஏனெனில் குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு ஒப்பிடப்படுவது அதுவே. அதன்படி நம் எடுத்துக்காட்டில் தந்தை பெயர்க் கட்டத்திற்கு உரியது SHAHUL HAMEED MOHAMED IBRAHIM. முதலெழுத்துகளைச் சுருக்காமல் விரித்து எழுதியதால் எவ்வித ஐயமும் எழாது. பெற்றோரின் ஆதார் எண்ணும் பதிவின்போது கேட்கப்படுவதால், ஆதாரில் பெயர் வேறுபட்டிருந்தால் பிரசவத்திற்கு முந்திய மாதங்களிலேயே அதைப் பாஸ்போர்ட்டுக்கு ஒப்பத் திருத்திக்கொள்வது அறிவுடைமை. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் ஆதாரை அடிப்படையாகக் கொள்ளலாம். தமிழ் உருவையும் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையெனில் ஷாவா சாவா, ஹாவா ஆவா என்பதை ஊழியரே முடிவு செய்வார்.

பெயர்க் கட்டத்தில் பெயர் மட்டுமே இருக்க வேண்டும். ஹாஜி, ஆலிம், மௌலவி போன்ற மதிப்புச் சொற்கள் அங்கே வரக்கூடாது. தந்தை காலமாகியிருந்தால் மர்ஹூம் என்றோ, ஆங்கிலத்தில் அதற்கு ஈடான சொல்லையோ முன்னே சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அதுவும் பெயரின் பகுதியாக ஆகிவிடும். மரைக்காயர், இராவுத்தர், லெப்பை ஆகியவை அடிப்படை ஆவணத்தில் இருந்தால் எழுதலாம்; இல்லையெனில் விட்டுவிட வேண்டும்.

தாயின் பெயரில் இன்னொரு நுணுக்கம் உண்டு. திருமணத்திற்கு முன் தம் வாப்பாவின் பெயரின் முதலெழுத்தையும், பின் கணவர் பெயரின் முதலெழுத்தையும் பெண்கள் இட்டுக்கொள்வது நம்மிடையே வழக்கம். நிக்காஹ் தஃப்தரில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று ஒரே பெண்மணி மூன்று பேராகக் காணப்படுகிறார். பீவி என்பது Beevi, Bivi, Bibi என மாறுவதும், சில இடங்களில் பேகம் ஆகிவிடுவதும் உண்டு. திருமணமானதால் பெயரையோ முதலெழுத்தையோ மாற்றியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தாயின் அடிப்படை ஆவணத்தில் எப்படி உள்ளதோ அப்படியே எழுதினால் போதும்.

இப்பிழை பிரசவ நாளுக்கு வெகு முன்னரே தொடங்கிவிடக்கூடும். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு முதல் கருவுற்ற தாயைப் பதிவு செய்து வழங்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணைப் பிறப்புப் பதிவின்போது கேட்கிறார்கள். பிக்மி எண் என்று சொல்லப்படுவதும் இப்பதிவைச் சார்ந்ததே. அதில் தாயின் பெயர் S. Fathima என்று சுருக்கமாக ஏறியிருந்தால், பிரசவத்தின்போது அதுவே தொடர வாய்ப்புண்டு. எனவே முதல் பரிசோதனையின்போதே கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஆவணத்தைக் காட்டி, அட்டையில் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தந்தை வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அவர் நேரில் வர வேண்டியதில்லை. அவருடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பிரசவத்திற்கு ஒரு மாதம் முன்பே படமெடுத்து அனுப்பச் சொல்லி, அச்சிட்டு வைத்துக்கொண்டால் போதும். காத்திருந்து 21 நாட்களைக் கடந்தால் தாமதக் கட்டணம். 30 நாட்களைக் கடந்தால் உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி. ஓராண்டைக் கடந்தால் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் நிலையிலான அதிகாரியின் ஆணை என்று படிப்படியாகக் கடினமாகும். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்பதும் காரணமாகாது. பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுப் பதிவு செய்யலாம். பதிவான 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். அகீகாவில் முறையாகப் பெயர் சூட்டும் முன், அவசரத்தில் செல்லப் பெயரை எழுதிவிடுவதைவிட இதுவே மேல்.

தாளைக் கொடுத்துவிட்டதோடு கடமை முடியவில்லை. ஊழியர் விவரங்களை ஏற்றிய பின், அனுப்பும் முன், திரையையோ அச்சுப்படியையோ காட்டும்படி பணிவுடன் கேட்க வேண்டும். பார்ப்பவர் தாயோ, ஆங்கிலம் படிக்கத் தெரிந்த நெருங்கிய உறவினரோ ஆக இருக்கட்டும். ஒருவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சொல்ல, மற்றவர் அச்சுப்படியில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். மொத்தமாக வாசித்தால் Hameed என்பதும் Hamed என்பதும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். கல்வி, மதம், தாயின் வயது போன்ற கேள்விகளும் கேட்கப்படும், அவை புள்ளிவிவரப் பகுதியைச் சேர்ந்தவை, சான்றிதழில் அச்சாவதில்லை. சான்றிதழில் வருபவற்றை முதலில் சரிபாருங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் பிழை நேர்ந்துவிட்டால்? சட்டத்தின் 15ஆம் பிரிவு திருத்தத்திற்கு வழி தருகிறது. ஆனால் அதன் தன்மையை அறிய வேண்டும். முதலில் எழுதப்பட்ட பதிவு அழிக்கப்படுவதில்லை. அதை அப்படியே வைத்து, ஓரக்குறிப்பாகத் திருத்தம் எழுதிப் பதிவாளர் தேதியிட்டுக் கையொப்பமிடுவார். எழுத்துப்பிழை என்பது ஆவணங்களால் தெளிவானால் வேலை எளிது. பிறந்த நாளே தவறு, தந்தையின் பெயரே வேறு என்று உள்ளடக்கத்தில் பிழை சொல்லப்பட்டால், உண்மையை விளக்கும் உறுதிமொழியும், செய்தியை நேரில் அறிந்த நம்பத்தகுந்த இருவரின் சாட்சியமும் வேண்டும். நாள் பற்றிய திருத்தத்திற்கு மருத்துவமனைப் பதிவேடே முதல் சான்று. அப்பதிவேடு கைக்கு எட்டும் காலத்தில், அதாவது சான்றிதழ் கிடைத்த அதே வாரத்தில், பிழையைக் கண்டு விண்ணப்பிப்பவருக்குச் சிரமம் குறைவு. குழந்தை பத்தாம் வகுப்பு எழுதும்போது கண்டுபிடிப்பவருக்கு, மருத்துவமனையே மூடப்பட்டிருக்கலாம். மருத்துவமனை தரும் வெளியேற்றச் சுருக்கத்தைச் சான்றிதழுடன் சேர்த்துப் பத்திரப்படுத்துவதும் இதற்காகவே.

ஆகவே, ஜமாஅத்தார்களே, ஏழாவது மாதத்திலேயே அந்தத் தாளை ஆயத்தம் செய்துவிடுங்கள். தந்தை பெயர், தாய் பெயர் இரு மொழிகளிலும், இரு முகவரிகள், ஆதார் எண்கள், ஆர்.சி.எச். எண். நாளுக்கும் நேரத்திற்கும் மருத்துவமனைக்கும் இடம் விட்டு வையுங்கள். பிரசவத்தன்று பதிவேட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம். தாளின் ஒரு படியைத் தாய் எடுத்துச் செல்லும் மருத்துவக் கோப்பிலும், மற்றொன்றை வீட்டிலும் வையுங்கள். நிக்காஹ் தஃப்தரில் கையெழுத்திட வரும் மணமக்கள் வீட்டாரும் பாஸ்போர்ட் அல்லது ஆதாரின் நகலைக் கொண்டுவந்தால், அதில் உள்ளபடியே பெயர் எழுதப்படும். பெற்றோரின் பெயர் அங்கே நேராக எழுதப்பட்டால், பிள்ளையின் பதிவிலும் அது நேராக அமையும்.